எக்ஸ்பைரி நாள் ஆப்ஷன்: திசை சரி, பணம் எங்கே?

கேள்வி: நான் ஆப்ஷன் பழக ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகின்றன. பிரீமியம் குறைவாக இருப்பதால் எக்ஸ்பைரி நாளன்று மட்டும் இண்டெக்ஸ் ஆப்ஷன் வாங்குகிறேன். சில நாட்களில் போட்ட பணம் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. போன வாரம் இண்டெக்ஸ் ஏறும் என்று நினைத்து மதியம் கால் வாங்கினேன். இண்டெக்ஸ் ஏறத்தான் செய்தது, ஆனாலும் என் பணம் முழுவதும் போய்விட்டது. ஸ்டாப் லாஸ் போட்டால், அது அடித்த பிறகு விலை ஏறுகிறது. வாங்குவதை விட்டுவிட்டு விற்கத் தொடங்கு, பத்தில் எட்டு நாள் ஜெயிக்கலாம் என்கிறார் நண்பர். தொடரலாமா, இல்லை முறையை மாற்ற வேண்டுமா?

பதில்:

நீங்கள் வாங்கிய ஸ்ட்ரைக், விலை, நேரம் எதையும் எழுதவில்லை. அதனால் உங்களுக்கு நடந்ததைப் போன்ற ஒரு கணக்கை நானே போட்டுக் காட்டுகிறேன். நான் வேலை பார்ப்பது ரிஸ்க் கணக்கிடும் பிரிவில் என்பதால், யார் எந்தப் பக்கம் பந்தயம் கட்டினார்கள் என்பதைவிட, எந்த நிமிடத்தில் எவ்வளவு போகும் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். எக்ஸ்பைரி நாளை அப்படிப் பார்த்தால்தான் அது புரியும்.

ஒரு இண்டெக்ஸ் 5000 புள்ளியில் இருக்கிறது. சந்தை நாளுக்கு 6 மணி நேரம் நடக்கிறது. ஒரு நாளில் அது சாதாரணமாக 40 புள்ளி அளவுக்கு இப்படியோ அப்படியோ நகரும் என்று ஆப்ஷன் விலைகள் சொல்கின்றன. அதாவது 0.8 சதவீதம். பரபரப்பும் இல்லை, தூக்கமும் இல்லை, நடுத்தரமான நாள். கீழே வரும் விலைகளை வழக்கமான ஆப்ஷன் சூத்திரத்தை எளிமையாக்கிக் கணக்கிட்டிருக்கிறேன். நிஜச் சந்தையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், போக்கு மாறாது.

சந்தை முடிய 3 மணி நேரம் இருக்கிறது. நீங்கள் 5020 கால் வாங்குகிறீர்கள், அதாவது முடிவில் இண்டெக்ஸ் 5020 என்ற ஸ்ட்ரைக்கைத் தாண்டி நிற்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு புள்ளி தரும் ஒப்பந்தம். அதன் நியாயமான விலை 4 புள்ளி. திரையில் விற்பவர் கேட்பது 4.2, வாங்குபவர் தருவது 3.8. அவசரமாக வாங்குவதால் 4.2 கொடுக்கிறீர்கள்.

ஒன்றரை மணி நேரம் போகிறது. இண்டெக்ஸ் 5008. நீங்கள் சொன்ன திசையில் 8 புள்ளி ஏறியிருக்கிறது. காலின் நியாயமான விலை இப்போது சுமார் 3.4. விற்கப் போனால் கிடைப்பது 3.2. திசை சரியாக இருந்தும் நாலில் ஒரு பங்கு பணம் காலி. சரி, ஏறிக்கொண்டுதானே இருக்கிறது என்று காத்திருக்கிறீர்கள். கடைசி அரை மணி நேரத்துக்கு வரும்போது இண்டெக்ஸ் 5010. கால் விலை 1.2, கைக்கு வருவது 1.1. நாலில் மூன்று பங்கு போய்விட்டது. முடிவில் இண்டெக்ஸ் 5014-ல் நிற்கிறது. அன்றைய மதியம் மொத்தம் 14 புள்ளி ஏற்றம். உங்கள் கால் பூஜ்யம்.

இதில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. 4.2 கொடுத்து 5020 கால் வாங்கியபோது நீங்கள் கட்டிய பந்தயம் 'ஏறும்' என்பது மட்டுமில்லை. '3 மணி நேரம் முடியும்போது 24 புள்ளிக்கு மேல் ஏறி நிற்கும்' என்பதுதான் பந்தயம். அந்த நாளின் நகர்வை வைத்துப் பார்த்தால் அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. எக்ஸ்பைரி வரை வைத்திருக்காமல் நடுவில் விற்பதானாலும் இதே கெடுபிடிதான், கொஞ்சம் மாறுவேடத்தில் வரும்: முதல் ஒன்றரை மணி நேரத்தில் இண்டெக்ஸ் 8 புள்ளி ஏறியதே போதவில்லை, இன்னும் வேகமாக ஏறியிருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து முடியும் அதே 5020 காலை அதே நிமிடத்தில் வாங்கியிருந்தால்? விலை சுமார் 63 இருந்திருக்கும். இண்டெக்ஸ் 5014-ல் முடிந்ததும் அது 68-ஐத் தாண்டியிருக்கும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான இடைவெளியில் ஒரு புள்ளி போனாலும் கையில் லாபம் நிற்கும். அதே இண்டெக்ஸ், அதே திசை, அதே மதியம். உங்களைக் கவிழ்த்தது எக்ஸ்பைரி தேதிதான். "63 கொடுக்க என்னிடம் பணம் இல்லை, அதனால்தான் 4-க்கு வாங்குகிறேன்" என்று நீங்கள் சொல்லலாம். பெரும்பாலான புதியவர்கள் எக்ஸ்பைரி நாளுக்கு வந்து சேரும் வழி அதுதான். ஆனால் 63 புள்ளி ஆப்ஷன் ஒரே மதியத்தில் பூஜ்யம் ஆக வேண்டுமானால் இண்டெக்ஸ் சரிந்து விழ வேண்டும். 4 புள்ளி ஆப்ஷன் பூஜ்யம் ஆக எதுவுமே நடக்க வேண்டியதில்லை.

இப்போது காமாவுக்கு வருவோம். டெல்டா என்பது இண்டெக்ஸ் ஒரு புள்ளி நகர்ந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு நகரும் என்பது. இண்டெக்ஸ் இருக்கும் இடத்திலேயே ஸ்ட்ரைக் இருந்தால் டெல்டா 0.50, அதாவது ஒரு புள்ளிக்கு அரைப் புள்ளி. அந்த டெல்டாவே எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் காமா.

ஒரு மாத ஆப்ஷனில் இண்டெக்ஸ் 10 புள்ளி ஏறினால் டெல்டா 0.50-லிருந்து 0.52 ஆகும். கவனித்தாலொழியத் தெரியாது. எக்ஸ்பைரி நாள் காலையில் அதே 10 புள்ளிக்கு 0.50 என்பது 0.60 ஆகும். ஒன்றரை மணி நேரம் மீதி இருக்கும்போது 0.69. கடைசி இருபது நிமிடச் சொச்சத்தில் 0.84. இண்டெக்ஸுக்கு 10 புள்ளி என்பது 0.2 சதவீதம், ஒரு சின்ன அசைவு. அந்த அசைவில் ஆப்ஷன் பாதி உயிரிலிருந்து முழு உயிருக்குப் போகிறது. மறுபக்கம் 10 புள்ளி இறங்கினால் 0.16, கிட்டத்தட்டப் பிணம். மீதி நேரம் நாலில் ஒன்றாகக் குறையும்போது, ஸ்ட்ரைக்கை ஒட்டிய காமா இரண்டு மடங்கு ஆகிறது. காலையில் இருப்பதைப் போல முடிவுக்கு 22 நிமிடம் முன்னால் அது 4 மடங்கு.

சில நாட்களில் உங்கள் பணம் இரண்டு மடங்கு ஆனதற்கும் காரணம் இதே காமாதான். அதனால் யாரும் இதைப் பற்றிக் குறை சொல்வதில்லை. ஆனால் காமாவை இலவசமாகத் தர மாட்டார்கள். அதற்கான வாடகைதான் தீட்டா, நிமிடத்துக்கு நிமிடம் கரையும் பிரீமியம். காமா எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்கு வாடகையும் பெரிது. வாங்கியவர் அந்த வாடகையை ஈடுகட்டும் அளவுக்கு இண்டெக்ஸ் ஓட வேண்டும், ஓடவும் உடனே ஓட வேண்டும். புதியவருக்கு இங்கேதான் சிக்கல். எந்த ஆப்ஷன் வாங்குவது என்று கற்றிருப்பார். அதை எத்தனை நிமிடம் வைத்திருக்கலாம் என்ற கணக்கு இன்னும் பழகியிருக்காது. மாத ஆப்ஷனில் அந்தத் தெளிவு இல்லாமலும் ஓட்டலாம், தவறு மெதுவாகத்தான் வெளியே தெரியும்.

இன்னொன்று. காமா பெரிதாக இருப்பது ஸ்ட்ரைக்கைச் சுற்றிய குறுகிய பட்டையில் மட்டும்தான். கடைசி அரை மணி நேரத்தில் இண்டெக்ஸ் 5000-லேயே இருந்தால் 5020 காலின் நியாயமான விலை 0.2. அது 0.3-க்குக் கிடைக்கும்போது 'சும்மா போட்டுப் பார்ப்போம்' என்று வாங்குபவர்கள் நிறைய. திரையில் வாங்குபவர் விலை 0.1 என்று இருந்தால், வாங்கிய நொடியில் மூன்றில் இரண்டு பங்கு போயாயிற்று. இண்டெக்ஸ் அசையவே இல்லை!

இந்த இடைவெளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களின் நஷ்டக் கணக்கில் இது தனி வரியாக வருவதே இல்லை. புரோக்கர் கமிஷன் அறிக்கையில் தெரியும், வரி தெரியும். வாங்குபவர் தரும் பிட்டுக்கும் விற்பவர் கேட்கும் ஆஸ்க்குக்கும் நடுவில் விட்டது எங்கும் அச்சாகாது. மேலே பார்த்த 5020 காலில் 3.8-க்கும் 4.2-க்கும் இடைவெளி 0.4. பார்க்கச் சின்னது. நியாய விலை 4-ல் அது 10 சதவீதம். இண்டெக்ஸ் இருந்த இடத்தில் இருக்க, வாங்கி உடனே விற்றால் பத்தில் ஒன்று போகும். வாரம் ஒரு தடவை இப்படிச் செய்பவர் தாங்கிக்கொள்ளலாம். ஒரே எக்ஸ்பைரி நாளில் ஐந்து தடவை உள்ளே போய் வெளியே வருபவர், தான் போட்ட தொகையில் பாதி அளவுக்கு இடைவெளிக்கே கொடுத்திருப்பார். மற்றதெல்லாம் சமமாக முடிந்திருந்தாலும் அன்று நஷ்டம்தான். மாத ஆப்ஷனில் இடைவெளி ஒரு புள்ளியாகவே இருந்தாலும் 63-ல் அது ஒன்றரை சதவீதம்.

அந்த 0.4 என்பதுகூட அமைதியான நேரத்து விலை. மார்க்கெட் மேக்கர் எப்போதும் இரண்டு பக்கமும் விலை வைத்துக்கொண்டிருப்பவர். நீங்கள் அவரிடம் கால் வாங்கியதும் அதற்கு ஈடாக அவர் இண்டெக்ஸ் ஃபியூச்சர் வாங்கி வைத்துக்கொள்வார். காமா பெரிதாக இருக்கும்போது அந்த ஈட்டை நொடிக்கு நொடி சரிசெய்ய வேண்டும். இண்டெக்ஸ் திடீரென ஓடினால் அவருக்குப் பின்தங்கும் ஆபத்து, அதனால் விலையை விலக்கி வைக்கிறார், அளவைக் குறைக்கிறார், சில நொடிகள் பின்வாங்கியும் விடுகிறார். ஆக, உங்களுக்கு வெளியேற அவசரம் வரும் நொடியும் இடைவெளி விரியும் நொடியும் ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், தற்செயல் இல்லை. அந்த நொடியில் மார்க்கெட் ஆர்டர் போட்டால் கிடைக்கும் விலையைப் பார்த்துத்தான் பலர் 'திரையில் 2.5 இருந்தது, எனக்கு 1.9-தான் வந்தது' என்று எழுதுகிறார்கள். திரையில் இருந்தது பெரும்பாலும் கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலையாக இருக்கும். அந்த விலைக்கு அப்போது வாங்க ஆள் இருந்தது என்று அர்த்தமில்லை.

ஸ்டாப் லாஸ் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 4.2-க்கு வாங்கி, பாதி போனால் வெளியேறலாம் என்று 2.1-ல் ஸ்டாப் வைக்கிறீர்கள். வைத்த சற்று நேரத்தில் இண்டெக்ஸ் 5000-லிருந்து 4990-க்குப் போனாலே அந்த கால் 2.1 ஆகிவிடும். 10 புள்ளி இறக்கம் அந்த நாளின் இயல்பில் இருபது நிமிடத்துக்குள் சாதாரணமாக வந்துபோகும் அசைவு. உங்கள் ஸ்டாப் பிட் விலையைப் பார்த்து இயங்குவதாக இருந்தால் 10 புள்ளிகூடத் தேவையில்லை. அதாவது உங்கள் கணிப்பு தவறு என்று சொல்லும் இடத்தில் ஸ்டாப் இல்லை, சந்தை மூச்சு விடும் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அடித்த பிறகு விலை ஏறுவது அதனால்தான். யாரோ உங்கள் ஸ்டாப்பைத் தேடி வந்து அடிக்கவில்லை.

தள்ளி வைத்தால்? 1-ல் வைத்தால், முக்கால் பணம் போன பிறகு காப்பாற்ற அங்கே என்ன இருக்கிறது? லிமிட்டோடு ஸ்டாப் வைத்தால் விலை தாண்டிக் குதித்து ஆர்டர் நிறைவேறாமலே நிற்கும். லிமிட் இல்லாமல் வைத்தால் விரிந்த இடைவெளியில் விற்றுவிடும். இந்த ஆப்ஷனில் வாங்குபவருக்கு உண்மையில் கைகொடுக்கும் ஸ்டாப் ஒன்றுதான்: வாங்கும் முன்பே, கொடுக்கும் பிரீமியம் முழுவதும் போனதாக வைத்துக்கொண்டு அளவை முடிவு செய்வது.

உங்கள் நண்பர் சொல்லும் பத்தில் எட்டு, கணக்குப்படி சரி. மறுக்கவில்லை. அதே 5020 காலை 3.8-க்கு விற்றால், இண்டெக்ஸ் 5023.8-க்கு மேல் முடிந்தால்தான் நஷ்டம், அதற்கு வாய்ப்பு சுமார் 20 சதவீதம். அவர் சொல்லாமல் விட்டது மீதி இரண்டு நாளின் அளவு. நூறு தடவை இதைச் செய்ததாக வைத்துக்கொள்வோம். சுமார் 76 தடவை இண்டெக்ஸ் 5020-க்குக் கீழே முடிந்து 3.8 முழுதாகக் கையில் நிற்கும், மொத்தம் 289 புள்ளி. மீதி 24 தடவை 5020-ஐத் தாண்டும், அப்போது கொடுக்க வேண்டியது சராசரியாக 16.7. வாங்கிய 3.8-ஐக் கழித்தால் ஒவ்வொன்றும் 12.9 நஷ்டம், மொத்தம் 309 புள்ளி. நூறு தடவை உழைத்து 20 புள்ளி கையை விட்டுப் போயிருக்கிறது. அந்த 20 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 4 விலையுள்ளதை 3.8-க்கு விற்ற அந்த 0.2-தான், நூறு தடவை.

ஆப்ஷன் விலைகளில் எதிர்பார்க்கப்படும் நகர்வு, பிறகு நிஜத்தில் நடக்கும் நகர்வைவிடப் பல சமயம் சற்று அதிகமாக இருப்பது உண்மை. விற்பவர்கள் வாழ்வது அந்த வித்தியாசத்தில்தான். ஆனால் அது மெல்லிய வித்தியாசம். இடைவெளியில் குறைவாக விட்டு, ஈடு வைத்து, பல நூறு தடவை செய்பவரின் கைக்குத்தான் அது வந்து சேரும்.

நஷ்டத்தின் வேகம் விற்பவருக்கு எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள். 3.8-க்கு விற்றாயிற்று. அரை மணி நேரம் மீதி, இண்டெக்ஸ் 5010, கால் 1.2. இரண்டரைப் புள்ளி லாபம், இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் நமக்கே என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். ஏதோ ஒரு செய்தி. சில நிமிடங்களில் இண்டெக்ஸ் 10 புள்ளி ஏறி 5020 ஆகிறது. கால் 4.2. இருந்த லாபம் போய், சின்ன நஷ்டம். இங்கேயே 4.6 கொடுத்து வெளியேறியிருக்கலாம், ஆனால் ஒரு நிமிடம் முன்பு 1.2 பார்த்த கண்ணுக்கு 4.6 கொடுக்க மனசு வராது. அடுத்த 10 புள்ளி, 5030. கால் 11. முதல் 10 புள்ளிக்கு 3 போனது, இரண்டாவது 10 புள்ளிக்கு 7 போகிறது. பிட் ஆஸ்க் விரிந்த நேரத்தில் 12 கேட்டாலும் ஆச்சரியமில்லை. ஒரே நாளில், அதில் ஐந்தாறு நிமிடத்தில், இரண்டு வாரச் சம்பாத்தியம். காமா விற்றவருக்கு எதிராகத் திரும்பினால் அப்படித்தான், ஒவ்வொரு புள்ளியும் முந்தைய புள்ளியைவிட அதிகமாக வாங்கும். இதில் புரோக்கரின் மார்ஜின் தேவையும் அதே நேரத்தில் ஏறும். பணம் போதாவிட்டால் நீங்கள் முடிவெடுக்கும் முன்பே அவர்களே, அந்த விலைக்கே, முடித்துவிடுவார்கள்.

5020 விற்று 5030 வாங்கி வைத்தால் நஷ்டத்துக்கு எல்லை உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, வெறுமனே விற்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் இரண்டு ஆப்ஷன், இரண்டு இடைவெளி. 5030 காலின் நியாய விலை 2.1 என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் 1.9 வர வேண்டும். 3.8-க்கு விற்று 2.3-க்கு வாங்கினால் கையில் வருவது 1.5. மோசமான நாளில் போவது 8.5. இரண்டையும் ஒரே ஆர்டராக, நடு விலைக்குப் பக்கத்தில் லிமிட் வைத்துப் போட்டால் இது கொஞ்சம் சரியாகும். தனித்தனியாகப் போடுபவர்கள், ஒன்று நிறைவேறி மற்றொன்று நிற்கும்போது படும் பாட்டைச் சொல்லி மாளாது.

முடிவு விலை எப்படி எடுக்கப்படுகிறது என்பதையும் உங்கள் ஒப்பந்த விவரத்தில் ஒரு தடவை படித்துவிடுங்கள். சில சந்தைகளில் இண்டெக்ஸின் நாள் முடிவு மதிப்பு, சிலவற்றில் கடைசி அரை மணி நேரத்தின் சராசரி. சராசரி என்றால் கடைசி நிமிடத் துள்ளல் உங்களைக் காப்பாற்றவும் செய்யாது, கவிழ்க்கவும் செய்யாது. திரையில் இண்டெக்ஸ் 5022 காட்டினாலும் சராசரி 5017 என்றால் உங்கள் 5020 கால் பூஜ்யம்தான். இண்டெக்ஸ் இல்லாமல் பங்கின் மீதான ஆப்ஷன் என்றால், பணத்துக்குப் பதில் பங்கையே கொடுக்கவோ வாங்கவோ வேண்டிய நிலை வரலாம். நாலு புள்ளி பிரீமியத்தில் விளையாடியவருக்கு முழுப் பங்கு விலைக்கும் கணக்கில் பணம் இருக்காது. சில புரோக்கர்கள் முடிவுக்கு முன்னாலேயே அவர்களாகவே ஸ்கொயர் ஆஃப் செய்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எக்ஸ்பைரி நாள் ஆப்ஷனே ஆகாது என்று சொல்ல மாட்டேன். சிக்காகோவின் சிபோ சந்தை 2022-ல் எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸுக்கு வாரத்தின் ஐந்து நாளும் எக்ஸ்பைரி வரும்படி செய்தது. உபயோகம் இருப்பதால்தான் வியாபாரம் நடக்கிறது. பெரிய பங்குத் தொகுப்பு வைத்திருப்பவருக்கு, வட்டி விகித அறிவிப்பு வரும் ஒரே ஒரு மதியத்துக்கு மட்டும் காப்பு வேண்டும். அவர் மாத ஆப்ஷன் வாங்கி வீணாக்க வேண்டியதில்லை, இண்டெக்ஸ் இறங்கினால் பணம் தரும் அன்றைய புட் போதும். அவருடைய பிரீமியம் பூஜ்யம் ஆனால் அவருக்குச் சந்தோஷம். நீண்ட நாள் ஆப்ஷன்களில் சில வருடம் பழகி, டெல்டாவையும் தீட்டாவையும் திரையைப் பார்க்காமலே ஊகிக்கத் தெரிந்து, ஆறு மணி நேரமும் வேறு வேலை இல்லாமல் உட்காரக்கூடியவருக்கும் இதில் இடமுண்டு. உங்கள் கடிதத்தில் இந்த இரண்டு பேரும் தெரியவில்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில்: எக்ஸ்பைரி நாளில் வாங்குவதை இப்போதைக்கு நிறுத்துங்கள், விற்கவும் போகாதீர்கள். ஏறும் இறங்கும் என்ற உங்கள் கணிப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஆசை இருந்தால், மூன்று நான்கு வாரம் மீதியுள்ள ஆப்ஷனில், உங்கள் சந்தையில் கிடைக்கும் மிகச் சின்ன ஒப்பந்த அளவில் ஒன்றே ஒன்று வாங்கிப் பாருங்கள். அதற்கும் பணம் போதவில்லை என்றால் காகிதத்தில் செய்யுங்கள். பணம் போதாததால் எக்ஸ்பைரி நாளுக்குப் போவது மட்டும் வேண்டாம்.

எக்ஸ்பைரி நாட்களில் திரையை மூடி வைக்கவும் வேண்டியதில்லை. பணம் போடாமல் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அன்று நீங்கள் வாங்கியிருக்கக்கூடிய ஒரு ஸ்ட்ரைக்கைக் காலையில் தேர்ந்தெடுத்து, கால் மணிக்கு ஒருமுறை நான்கு எண்களை எழுதுங்கள்: நேரம், இண்டெக்ஸ், பிட், ஆஸ்க். கடைசியாக நடந்த விலையை எழுத வேண்டாம், அது உங்களைக் குழப்பும். வாங்குவதாக இருந்தால் ஆஸ்க்கில், விற்பதாக இருந்தால் பிட்டில் என்று கறாராகக் கணக்குப் போடுங்கள். இண்டெக்ஸ் 10 புள்ளி நகர்ந்தபோது காலையில் விலை எவ்வளவு மாறியது, மதியம் எவ்வளவு, கடைசி அரை மணியில் எவ்வளவு என்று குறித்தால், காமாவை அட்டவணையில் படிக்கத் தேவையில்லை, உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். பெரிய நகர்வு வந்த கால் மணிகளில் பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் இடையில் என்ன ஆனது என்பதை மட்டும் தனி மையில் எழுதி வையுங்கள்.

பத்துப் பன்னிரண்டு எக்ஸ்பைரி இப்படி எழுதிய பிறகு அந்த நோட்டை அனுப்புங்கள், பார்க்கிறேன். அதுவரை விட்டுப்போனது ஒன்று: ஏற்கெனவே விற்ற ஆப்ஷன் ஏதாவது உங்கள் கணக்கில் திறந்து கிடந்தால், உங்கள் புரோக்கர் எக்ஸ்பைரி அன்று எத்தனை மணிக்கு அவர்களாக முடிப்பார்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.